தனியார் பள்ளியில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு: கற்பித்தல், நிர்வாகம், வளாகம் எனப் பிரித்துக் கணக்கிடுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளின் செலவுக் கணக்கை ஆண்டுதோறும் சரிபார்க்கும் வேலையில் இருப்பதால், நிர்வாகக் குழுவினர், கணக்காளர், பெற்றோர் என மூன்று தரப்பினரும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எளியவற்றிலிருந்து சிக்கலானவை நோக்கி வரிசைப்படுத்தியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்த எண்களையே நம்பியிருப்பதால், முதல் முறை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஒரு மாணவருக்கு ஆகும் செலவு என்பது நாங்கள் கட்டும் கட்டணம்தானே?

இல்லை. கட்டணம் என்பது பள்ளிக்கு வரும் பணம். செலவு என்பது அந்த ஓராண்டுக் கல்வியை நடத்துவதற்காகப் பள்ளி பயன்படுத்தித் தீர்க்கும் உழைப்பு, பொருள், இடம் ஆகியவற்றின் மதிப்பு. கட்டணம் செலவைவிட அதிகமாக இருந்தால் மிச்சம் உண்டு. குறைவாக இருந்தால் அந்த இடைவெளியை நன்கொடையோ, பழைய சேமிப்போ, ஆசிரியர்களின் குறைந்த ஊதியமோ நிரப்பிக்கொண்டிருக்கிறது. எது நிரப்புகிறது என்பது கட்டண ரசீதிலிருந்து தெரியாது. ஆகவே கட்டணத்தைத் தொடாமல், செலவை அதன் வழியிலேயே தனியாகக் கணக்கிட வேண்டும்.

மொத்தச் செலவை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் போதாதா? எதற்கு மூன்றாகப் பிரிக்க வேண்டும்?

மூன்று வகைச் செலவுகளும் மூன்று வெவ்வேறு காரணங்களால் ஏறி இறங்குகின்றன. கற்பித்தல் செலவை நிர்ணயிப்பது வகுப்புப் பிரிவுகளின் எண்ணிக்கை. வளாகச் செலவை நிர்ணயிப்பது கட்டடத்தின் பரப்பும் அதன் வயதும். நிர்வாகச் செலவு பள்ளி ஓரளவு வளரும்வரை அப்படியே நின்று, பிறகு ஒரு பணியாளரைச் சேர்க்கும்போது ஒரு படி ஏறும். மொத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், செலவு கூடியது தெரியும். எந்தக் காரணத்தால் கூடியது என்பது தெரியாது. எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதும் தெரியாது.

எந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது?

வேலையின் நோக்கத்தைப் பாருங்கள். வேலை செய்பவரின் பதவியைப் பார்க்க வேண்டாம். மாணவருக்குப் பாடம் போய்ச் சேருவதற்காகச் செய்யப்படுவது கற்பித்தல்: வகுப்பெடுப்பது, பாடத் தயாரிப்பு, விடைத்தாள் திருத்துவது, வினாத்தாள் அச்சிடுவது, ஆய்வக உதவியாளர், நூலகர், ஆசிரியர் பயிற்சி. பள்ளி ஒரு நிறுவனமாக இயங்குவதற்காகச் செய்யப்படுவது நிர்வாகம்: சேர்க்கை, கட்டண வசூல், கணக்கு, தணிக்கை, அரசுத் துறைகளுக்கான அறிக்கைகள், அலுவலக மென்பொருள். இடத்தைப் பயன்படுத்தத் தகுந்த நிலையில் வைத்திருக்கச் செய்யப்படுவது வளாகம்: துப்புரவு, காவல், மின்சாரம், தண்ணீர், பழுதுபார்ப்பு, கட்டடத்துக்கும் மேசை நாற்காலிக்கும் கணினிக்குமான தேய்மானம்.

கால அட்டவணை போடுவதைப் போல இரண்டிலும் சேரக்கூடிய சில வேலைகள் உண்டு. நான் அதை நிர்வாகத்தில் வைக்கிறேன். கற்பித்தலில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கே வைத்தாலும் பாதகமில்லை, ஆனால் அதை ஒரு தாளில் எழுதிவைத்து ஒவ்வோர் ஆண்டும் அங்கேயே வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறினால், செலவு மாறியதா, எழுதிய இடம் மாறியதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டு எண்களோடு காட்ட முடியுமா?

ஊதியமும் விலையும் இடத்துக்கு இடம் மாறுவதால், எந்த நாட்டுப் பணத்தையும் குறிப்பிடாமல், ஒரு முழுநேர ஆசிரியருக்கு ஓராண்டில் ஆகும் முழுச் செலவை 100 அலகு என்று வைத்துக்கொள்கிறேன். பின்வருவது விளக்கத்துக்காக நானே அமைத்த ஒரு பள்ளி. 10 வகுப்புகள், வகுப்புக்கு 2 பிரிவு, ஆக 20 பிரிவுகள். சராசரியாக 600 மாணவர்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் வாரத்துக்கு 40 பாடவேளைகள் என்பதால் பள்ளி முழுவதற்கும் 800 பாடவேளைகள். ஓர் ஆசிரியர் வாரத்துக்கு 25 பாடவேளை எடுத்தால், வகுப்பறைக்கு மட்டும் 32 ஆசிரியர்களின் முழு உழைப்பு தேவை. பள்ளியில் இருப்பவர்களோ 33 பேர். ஏன் ஒருவர் கூடுதல் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கற்பித்தல்: ஆசிரியர்களின் வகுப்பறை உழைப்பு 3,200 அலகு, ஆய்வக உதவியாளரும் நூலகரும் சேர்ந்து 120, ஆய்வகப் பொருள், புத்தகம், பயிற்சி ஆகியவற்றுக்கு 130, தலைமையாசிரியரின் நேரத்தில் கற்பித்தலைச் சார்ந்த பங்கு 50, மொத்தம் 3,500. நிர்வாகம்: தலைமையாசிரியரின் மீதிப் பங்கு 150, மூத்த ஆசிரியர்களின் நிர்வாக உழைப்பு 100, அலுவலகப் பணியாளர் நால்வருக்கு 240, தணிக்கை, மென்பொருள், தொலைபேசி, காப்பீடு முதலியவற்றுக்கு 110, மொத்தம் 600. வளாகம்: துப்புரவு, காவல் பணியாளர்களுக்கு 350, மின்சாரமும் தண்ணீரும் 150, பழுதுபார்ப்பு 150, கட்டடத் தேய்மானம் 300, மேசை நாற்காலி, கணினி ஆகியவற்றின் தேய்மானம் 150, மொத்தம் 1,100.

எல்லாம் சேர்ந்து 5,200 அலகு. 600 மாணவர்களால் வகுத்தால் தலைக்கு 8.67 அலகு, அதில் கற்பித்தல் 5.83, நிர்வாகம் 1.00, வளாகம் 1.83. வேறு விதமாகச் சொன்னால், ஏறத்தாழ பதினொன்றரை மாணவர்களுக்கு ஆகும் செலவு ஓர் ஆசிரியரின் ஆண்டுச் செலவுக்குச் சமம்.

தலைமையாசிரியர் வகுப்பும் எடுக்கிறார், நிர்வாகமும் பார்க்கிறார். அவர் சம்பளத்தை எப்படிப் பிரிப்பது?

அவரது நேரத்தை எழுதிவைத்துத்தான். யாரையும் ஆண்டு முழுவதும் நாட்குறிப்பு எழுதச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி திறக்கும் காலத்தில் ஒரு வாரம், ஆண்டின் நடுவில் ஒரு வாரம், தேர்வுக் காலத்தில் ஒரு வாரம் என மூன்று வாரங்கள், அரை மணிக்கு ஒரு வரியாக எழுதினால் போதும். அப்படி எழுதிய ஒரு தாளில் திங்கட்கிழமை காலை இவ்வாறு இருக்கும்: வராத இரண்டு ஆசிரியர்களுக்குப் பதிலி போட்டது, உடைந்த குழாயைப் பார்க்கப் போனது, ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்துவிட்டு ஆசிரியரோடு அதைப் பற்றிப் பேசியது, கட்டண நிலுவை குறித்து இரண்டு பெற்றோரோடு பேசியது. இவற்றில் மூன்றாவது மட்டுமே கற்பித்தல். குழாயைப் பார்த்தது வளாகத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், அப்படிப்பட்ட நேரம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதவரை அதை நிர்வாகத்திலேயே விட்டுவிடுகிறேன். அந்த அளவு நுணுக்கத்தால் எந்த முடிவும் மாறப்போவதில்லை. நம் பள்ளியில் மூன்று வாரத்துக்கான 120 மணி நேரத்தில் 30 மணி கற்பித்தல் என்று வந்தது. எனவே அவருக்கு ஆகும் 200 அலகில் 50 அங்கே, 150 இங்கே.

மூத்த ஆசிரியர்களுக்கும் இதே முறைதான். நான்கு பேர் சேர்க்கைப் பணிக்கும் தேர்வு ஒருங்கிணைப்புக்கும் தங்கள் நேரத்தில் கால் பங்கைக் கொடுக்கிறார்கள். நான்கு கால் பங்கு சேர்ந்து ஓர் ஆசிரியர். முன் பதிலில் சொன்ன 33ஆவது ஆசிரியர் இந்த வழியில்தான் வந்தார். சம்பளப் பட்டியலில் ‘ஆசிரியர்’ என்று இருக்கும் எல்லாரையும் கற்பித்தலில் போட்டுவிட்டால் அந்த 100 அலகு கண்ணில் படாது. நான் பார்த்த ஒரு பள்ளியின் கணக்கில் நிர்வாகச் செலவு மிகச் சிறியதாகக் காட்டப்பட்டு, அது சிக்கனத்தின் அடையாளமாகக் கூட்டங்களில் சொல்லப்பட்டும் வந்தது. உண்மையில் நிர்வாக வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் ஆசிரியர்கள். அந்த நேரம் விடைத்தாள் திருத்தும் நேரத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது.

ஆசிரியரின் செலவு என்றால் மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் சரியா?

அது குறைவாகவே வரும். நமது 100 அலகில் பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம் 78 தான். ஓய்வுக்கால நிதிக்குப் பள்ளி செலுத்தும் பங்கு 9, பணிக்கொடைக்கு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டியது 5, விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாக வருபவருக்குக் கொடுப்பது 4, மருத்துவக் காப்பீடும் ஊக்கத்தொகையும் 4. சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 33 ஆசிரியர்களில் 726 அலகு விட்டுப்போகும், தலைக்கு 1.21 அலகு. அது இந்தப் பள்ளியின் நிர்வாகச் செலவு முழுவதையும்விடப் பெரிய தொகை.

இவற்றில் பெரும்பாலும் மறக்கப்படுவது பணிக்கொடை. இருபது ஆண்டு பணியாற்றியவர் ஓய்வு பெறும் ஆண்டில் ஒரு பெரிய தொகை ஒரே தடவையாக வெளியேறுகிறது. அந்த ஆண்டின் செலவு திடீரென உயர்ந்ததாகத் தோன்றுகிறது. அவர் அதைச் சம்பாதித்தது இருபது ஆண்டுகளில்; எனவே அது அந்த இருபது ஆண்டு மாணவர்களின் செலவு. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கை ஒதுக்கிவந்தால் கணக்கும் சீராக இருக்கும், ஓய்வு பெறுபவரும் பணத்துக்காகக் காத்திருக்க வேண்டியிராது.

எந்த மாணவர் எண்ணிக்கையால் வகுப்பது? ஆண்டுத் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று இருக்கிறதே?

மாணவர்-மாதங்களைக் கூட்டி, பள்ளி நடந்த மாதங்களால் வகுத்துக்கொள்ளுங்கள். நம் பள்ளி ஆண்டுக்கு 10 மாதம் நடக்கிறது. முதல் 4 மாதம் 615 மாணவர்கள், அடுத்த 3 மாதம் 600, கடைசி 3 மாதம் 580. பெருக்கிக் கூட்டினால் 2,460, 1,800, 1,740; மொத்தம் 6,000 மாணவர்-மாதங்கள். பத்தால் வகுக்க 600 வருகிறது.

தொடக்க எண்ணிக்கையால் வகுத்திருந்தால் தலைக்கு 8.46 அலகு, இறுதி எண்ணிக்கையால் வகுத்திருந்தால் 8.97. பள்ளி அதேதான், செலவும் அதேதான். வகுக்கும் எண் மட்டுமே வேறு. கட்டணத்தை உயர்த்த விரும்புவோர் இரண்டாவதையும், சிக்கனத்தைக் காட்ட விரும்புவோர் முதலாவதையும் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அறிக்கையில் வகுக்கும் எண் எப்படி வந்தது என்பதை ஒரு வரியில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சில இடங்களில் சேர்ந்திருக்கும் எண்ணிக்கைக்குப் பதிலாகச் சராசரி தினசரி வருகையைப் பயன்படுத்துவார்கள்; வராத மாணவருக்காகவும் ஆசிரியரும் மேசையும் காத்திருப்பதால், தனியார் பள்ளிக்குச் சேர்ந்திருக்கும் எண்ணிக்கையே பொருத்தமானது என்பது என் கருத்து.

இடமும் கட்டடமும் எங்களுடையவை. வாடகையே கிடையாது. பிறகு எதற்கு வளாகச் செலவில் இவ்வளவு பெரிய தொகை?

கட்டடம் தேய்ந்துகொண்டிருக்கிறது. இந்தப் பள்ளிக் கட்டடத்துக்கு 12,000 அலகு செலவானது, 40 ஆண்டு பயன்படும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 300 அலகு மதிப்பை அன்றைய மாணவர்கள் பயன்படுத்தித் தீர்க்கிறார்கள். கையிலிருந்து பணம் போகவில்லை என்பதற்காக அதைச் சுழியம் என்று எழுதினால், நாற்பதாம் ஆண்டில் படிப்பவர்களின் பெற்றோர் தலையில் முழுச் சுமையும் விழும். மேசை நாற்காலிக்கு 10 ஆண்டும் கணினிக்கு 5 ஆண்டும் ஆயுள் எடுத்திருக்கிறேன்: 700 அலகுக்கான மரச்சாமான்களில் ஆண்டுக்கு 70, 400 அலகுக்கான கணினிகளில் 80. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது.

வாடகைக் கட்டடத்தில் நடக்கும் பள்ளியோடு ஒப்பிடும்போது மட்டும் வேறொரு கணக்குத் தேவை. இதே வளாகத்தை வெளியே வாடகைக்கு விட்டால் 700 அலகு கிடைக்கும் என்றால், 300 அலகுத் தேய்மானத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 700 வைத்துப் பாருங்கள். மொத்தம் 5,600, தலைக்கு 9.33 ஆகும். இரண்டையும் ஒருசேர வைக்கக் கூடாது, ஏனென்றால் வாடகைக்குள்ளேயே தேய்மானம் இருக்கிறது. சொந்த இடம் என்பதால் பள்ளிக்குக் கிடைக்கும் உதவியின் அளவும் இந்த இரண்டு கணக்குகளின் வித்தியாசத்தில் தெரிந்துவிடும்.

கட்டடக் கடனுக்கு மாதாமாதம் தவணை கட்டுகிறோம். அது செலவில் வராதா?

தவணையில் உள்ள வட்டி செலவில் வரும், அசல் வராது. அசலாகத் திருப்பிச் செலுத்தப்படுவது கட்டடம் வாங்கிய பணம். அந்தக் கட்டடத்துக்கான தேய்மானத்தை ஏற்கெனவே எழுதிவிட்டோம். அசலையும் எழுதினால் ஒரே கட்டடத்துக்கு இரண்டு முறை கணக்கு எழுதியதாகும். வட்டியை வளாகத் தலைப்பில் தனி வரியாகக் காட்டுங்கள். கடன் தீர்ந்த பிறகு அந்த வரி மறையும்போது அது ஏன் மறைந்தது என்று யாரும் தேட வேண்டியிராது.

கூடுதலாக ஒரு மாணவரைச் சேர்த்தால் பள்ளிக்கு 8.67 அலகு செலவு கூடுமா?

கூடாது. 8.67 என்பது சராசரி. 30 பேர் இருக்கும் வகுப்பில் 31ஆவது மாணவர் வந்து உட்கார்ந்தால் அதே ஆசிரியர், அதே அறை, அதே விளக்கு. அவருக்காகக் கூடுவது தேர்வுத்தாள், ஆய்வகப் பொருள், காப்பீடு போன்ற சில்லறைகள். இந்தப் பள்ளியில் கால் அலகு அளவில் இருக்கும். ஆனால் அறையில் 32 பேர்தான் உட்கார முடியும் என்றால், 33ஆவது மாணவர் வரும்போது பிரிவை இரண்டாக்க வேண்டியிருக்கும். ஒரு புதிய பிரிவுக்கு வாரத்துக்கு 40 பாடவேளை, அதாவது 1.6 ஆசிரியர்; 160 அலகு. அந்த ஒரு மாணவர் ஒரு புதிய பிரிவின் முழுச் செலவையும் கூடவே கொண்டுவருகிறார்.

தனியார் பள்ளிச் செலவைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை என்பேன். செலவு மாணவர் மாணவராகக் கூடுவதில்லை. பிரிவு பிரிவாகக் கூடுகிறது. ஆசிரியர் உழைப்பில் ஒரு பிரிவுக்கு 160 அலகு என்பது மாறாது. அதில் 32 பேர் இருந்தால் தலைக்கு 5. 20 பேர் இருந்தால் 8. 16 பேர் இருந்தால் 10. காலியாக இருக்கும் ஒவ்வோர் இருக்கையின் செலவையும் பக்கத்து இருக்கையில் இருப்பவர் சுமக்கிறார். சேர்க்கைக் காலத்தில் ‘இன்னும் ஐந்து பேர் வந்தால் போதும்’ என்று நிர்வாகக் குழு பேசும்போது, அந்த ஐந்து பேர் இருக்கும் பிரிவில் வருகிறார்களா, புதுப் பிரிவைத் திறக்கவைக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

எல்லா வகுப்புக்கும் ஒரே செலவா? மேல்வகுப்புக்கு ஏன் அதிகக் கட்டணம் கேட்கிறார்கள்?

600 மாணவர்களையும் வகுப்பு வாரியாகப் பார்த்தால் காரணம் தெரியும். ஒன்று முதல் எட்டு வரை உள்ள 16 பிரிவுகளில் பிரிவுக்கு 32 பேர், ஆக 512. ஒன்பது, பத்தாம் வகுப்பில் 4 பிரிவுகள், பிரிவுக்கு 22 பேர், ஆக 88. முன் பதிலில் சொன்ன 160 அலகை வகுத்தால் கீழ்வகுப்பு மாணவருக்கு 5.00, மேல்வகுப்பு மாணவருக்கு 7.27. ஆய்வகத்தை மேல்வகுப்பு மட்டுமே பயன்படுத்துகிறது, ஆய்வக உதவியாளருக்கு 70 அலகு என்றால், 88 பேருக்குத் தலைக்கு இன்னுமொரு 0.80. ஆக 8.07. இரண்டு நிலைகளுக்கும் இடையே 3 அலகுக்கு மேல் வித்தியாசம். அதில் முக்கால் பங்கு பிரிவில் ஆள் குறைந்ததால் வந்தது. ஆய்வகத்தால் வந்தது கால் பங்குதான். ‘மேல்வகுப்பில் ஆய்வகம் இருக்கிறது, அதனால் கட்டணம் அதிகம்’ என்ற விளக்கம் பொய்யில்லை, ஆனால் பெரிய காரணத்தைச் சொல்லாமல் விடுகிறது.

விருப்பப் பாடங்களும் இதே வழியில் செலவைக் கூட்டுகின்றன. அடுத்த ஆண்டு ஒரு புதுப் பாடத்துக்கு வாரம் 5 பாடவேளை ஒதுக்கினால் 20 அலகு ஆகும். அதை 8 பேர் மட்டும் எடுத்தால், அந்த ஒரு பாடத்துக்கே தலைக்கு 2.5 அலகு. பாடத்தைத் தொடங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எட்டுப் பிள்ளைகளுக்கு அது தேவையாக இருக்கலாம். அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதைத் தெரிந்தே தொடங்க வேண்டும்.

கட்டணம் இல்லாமல் படிக்கும் பிள்ளைகளைக் கணக்கில் எப்படிக் காட்டுவது?

அவர்களும் வகுக்கும் எண்ணில் இருக்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கும் அதே ஆசிரியர், அதே அறை. கட்டணச் சலுகை என்பது வருமானக் குறைவு. அதைச் செலவுப் பட்டியலில் ஒரு வரியாக எழுதினால் மொத்தச் செலவு பொய்யாகக் கூடும். இந்தத் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது. 600 பேரில் 60 பேர் கட்டணமின்றிப் படித்தால், ஒரு மாணவருக்கான செலவு 8.67 ஆகவே இருக்கும். ஆனால் நன்கொடை இல்லாத நிலையில் கட்டணம் செலுத்தும் 540 பேரிடமிருந்து தலைக்கு 9.63 வந்தால்தான் பள்ளி சமநிலையில் நிற்கும். இரண்டு எண்களையும் பெற்றோருக்குச் சேர்த்தே காட்டுங்கள். மறைத்துவைத்து, பிறகு வெளியே தெரியவந்தால், கோபம் அந்த 60 பிள்ளைகள் மீது திரும்புகிறது; அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பள்ளிப் பேருந்தும் விடுதியும் இதில் சேருமா?

சேர்க்க வேண்டாம். அவற்றைப் பயன்படுத்துபவர்களின் எண்ணிக்கையால் தனியே வகுங்கள். பேருந்துக்கு 360 அலகு ஆகி 180 பேர் பயணம் செய்தால் தலைக்கு 2 அலகு. அதை 600 பேர் மீதும் பரப்பினால் 0.60 ஆகச் சிறுத்துவிடும், நடந்து வருபவரும் அதைச் சுமப்பார். அலுவலகப் பணியாளர் ஒருவர் பேருந்துக் கணக்குக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம் செலவிட்டால், அந்த 20 அலகையும் நிர்வாகத்திலிருந்து பேருந்துக்கு மாற்ற மறக்காதீர்கள்.

வேறு நாடுகளில் ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று புள்ளிவிவரம் வருகிறதே, அதோடு எங்கள் பள்ளியை ஒப்பிடலாமா?

முதலில் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தேசியக் கல்விப் புள்ளியியல் மையம் அரசுப் பள்ளிகளுக்கு வெளியிடும் ‘நடப்புச் செலவு’ என்ற எண்ணில் கட்டடம் கட்டும் செலவும் கடன் வட்டியும் இல்லை. ஆனால் மாணவர் போக்குவரத்து அதற்குள் இருக்கிறது. நிர்வாகமும் கட்டடப் பராமரிப்பும் அங்கே ‘ஆதரவுப் பணிகள்’ என்ற ஒரே பெருந்தலைப்பின் கீழ்த் தனித்தனி உட்பிரிவுகளாக வருகின்றன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்போ, அடிப்படைக் கல்விப் பணிகளை ஒரு பக்கமும், போக்குவரத்து, உணவு, விடுதி போன்ற துணைப் பணிகளை மறுபக்கமும் வைத்து, பகுதிநேர மாணவர்களை முழுநேரத்துக்குச் சமமாக மாற்றி வகுக்கிறது. நம் கணக்கில் தேய்மானம் உண்டு, பேருந்து இல்லை. இந்த மூன்றையும் நேருக்கு நேர் வைத்தால் தவறான முடிவுக்கே வருவோம்.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், கற்பித்தல் செலவை மட்டும் எடுத்து, அதை அந்தந்த இடத்து ஆசிரியரின் முழுச் செலவால் வகுத்துப் பாருங்கள். நமக்கு 5.83ஐ 100ஆல் வகுக்க 0.058 வரும், அதாவது ஏறத்தாழ 17 மாணவர்களின் கற்பித்தல் செலவு ஓர் ஆசிரியரின் ஆண்டுச் செலவுக்குச் சமம். நாணயமும் விலைவாசியும் இதில் குறுக்கிடாது. பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிடவும் இதுவே நேர்மையான வழி.

இந்த ஆண்டு ஒரு மாணவருக்கான செலவு குறைந்திருக்கிறது. நல்ல செய்திதானே?

பிரிவுகள் நிரம்பியதால் குறைந்தது என்றால் நல்ல செய்திதான். அதைத் தெரிந்துகொள்ள மூன்று தலைப்புகளில் எது குறைந்தது என்று பாருங்கள். கற்பித்தல் குறைந்திருந்தால் அடுத்ததாக வருகைப் பதிவேட்டையும் கால அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆசிரியர் இடங்கள் அரை ஆண்டு காலியாக இருந்தால் 100 அலகு மிச்சம், தலைக்கு 0.17 குறையும். அந்த அரை ஆண்டில் வாரத்துக்கு 50 பாடவேளைகளை யார் எடுத்தார்கள்? கால அட்டவணையில் மற்றவர்கள் 25க்குப் பதில் 27, 28 எடுத்திருப்பார்கள், அல்லது ‘நூலக நேரம்’, ‘சுயபடிப்பு’ என்ற பெயர்கள் புதிதாக முளைத்திருக்கும். பென்சிலால் அழித்து எழுதிய அந்தக் கட்டங்களை எண்ணினால் எடுக்கப்படாத பாடவேளைகள் தெரிந்துவிடும்.

வளாகம் குறைந்திருந்தால் பழுதுபார்ப்பு வரியைப் பாருங்கள். 150 அலகாக இருந்தது 50 ஆகியிருந்தால், கட்டடம் திடீரென நலமாகிவிட்டது என்று பொருளில்லை. மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஈரம் படிந்த கூரையைத் தொட்டுப் பார்த்தால் தள்ளிப்போட்ட வேலை கையில் ஒட்டும். நிர்வாகம் குறைந்திருந்தால், அந்த வேலை ஆசிரியர்களின் நேரத்துக்குள் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தலைமையாசிரியர் பற்றிய பதிலில் சொன்ன மூன்று வார நேரக் குறிப்பை மீண்டும் எடுத்து, மூத்த ஆசிரியர்களின் கால் பங்கு அரைப் பங்காகியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.